செக்ரோலும் துண்டும்: இலங்கைப் பெருந்தோட்டங்களில் கூலிப்பதிவும் முன்பணக் கழிவும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தமிழகத்திலிருந்து இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் நாட்கூலி அடிப்படையில் வேலை செய்தனர். அவர்தம் வேலைநாள்கள் ‘செக்ரோல்’ எனப்பட்ட பதிவேட்டில் குறிக்கப்பட்டன. அப்பதிவேடு முறையாகப் பேணப்பட்டிருந்தும் தொழிலாளர் கடனிலிருந்து மீளாதது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெரட்டும் பேரும்

விடியலில் தொழிலாளர் பெரட்டுக்களத்தில் அணிவகுத்தனர். அங்கு ஆள் எண்ணிக்கை எடுக்கப்பட்டு வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. மாலையில் வேலை முடிந்தபின், கணக்கப்பிள்ளையின் அறிக்கைப்படி ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அன்றைய கட்டத்தில் குறி இடப்பட்டது. ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’ என்பது தோட்ட வழக்கு. குறித்த வேலையை முடிக்காதவருக்கு ‘அரைப்பேர்’ மட்டுமே விழுந்தது. களத்துக்கு வந்தவர் முழு நாளும் உழைத்திருக்கலாம். ஆயினும் ஏட்டில் எஞ்சியது மாலையில் இடப்பட்ட குறியே. ஆகவே செக்ரோல் உழைத்த நாள்களின் பதிவு அன்று. நிருவாகம் ஏற்றுக்கொண்ட நாள்களின் பதிவு.

பெரிய கங்காணிக்கும் இந்த ஏட்டில் நேரடி ஆதாயம் இருந்தது. தம் ஆட்களில் அன்று வேலைக்கு வந்தோர் தொகைக்கேற்ப அவர் ‘பென்ஸ் காசு’ பெற்றார். நோயுற்றவரையும் களத்துக்கு அனுப்பும் தூண்டுதல் இதிலிருந்து எழுந்தது.

இரண்டு கணக்குகள்

கங்காணி ஊரில் ஆள் திரட்டும்போது வழிச்செலவுக்கும் பழைய கடனைத் தீர்ப்பதற்கும் முன்பணம் கொடுத்தார். அப்பணத்தின் பெரும்பகுதி தோட்டத்திலிருந்து அவர் பெற்றதே. தோட்டத்தின் ஏட்டில் அது கங்காணியின் பற்று. கங்காணியின் கணக்கில் தொழிலாளியின் கடன். இரண்டாவது கணக்கு தொழிலாளியின் கண்ணுக்கு எளிதில் எட்டவில்லை. செக்ரோலைத் தணிக்கை செய்தவர்க்கும் அது புலப்படவில்லை.

இதன் விளைவை ஒரு கற்பிதக் கணக்கால் விளக்கலாம். நாட்கூலி 33 சதம் எனவும், மாதத்தில் 20 பேர் விழுந்தது எனவும் கொள்வோம். ஈட்டிய கூலி 6 ரூபா 60 சதம். தோட்டம் வழங்கிய அரிசிக்கு 4 ரூபா கழிந்தால் எஞ்சுவது 2 ரூபா 60 சதம். கங்காணி முன்பணத்துக்காக 1 ரூபா 50 சதம் பிடித்தால் கையில் கிடைப்பது 1 ரூபா 10 சதம். இதில் நான்கு நாள்கள் அரைப்பேராகக் குறிக்கப்பட்டால் 66 சதம் குறையும். கைக்கு வருவது 44 சதம் மட்டுமே. அரிசியின் விலையும் கடனின் தவணையும் பேரோடு சேர்ந்து குறைவதில்லை. எனவே பதிவின் சிறு குறைவு முழுவதும் கைப்பணத்தின் மீதே விழுந்தது.

காலத்தாழ்வும் இதனுடன் சேர்ந்தது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் மாதக்கூலியை அம்மாதம் முடிந்து அறுபது நாள்களுக்குள் வழங்க இடமளித்தது. இடைப்பட்ட வாரங்களில் உப்புக்கும் துணிக்கும் நோய்க்கும் பணம் வேண்டியவர் மீண்டும் கங்காணியையே நாடினார். பழைய முன்பணம் கழியும்போதே புதியது ஏறியது.

துண்டு

இக்கடன் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும் உரிமையையும் கட்டுப்படுத்தியது. குறிப்பிட்ட தொகை செலுத்தப்பட்டால் இன்ன ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டே ‘துண்டு’. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றது. இதனால் கடன் தீரவில்லை. கடன் கொடுத்தவரே மாறினார். ஆட்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலங்களில், கங்காணி கூடுதல் தொகைக்குத் துண்டு பெற்று, மிகுதியைத் தாம் வைத்துக்கொண்டு சுமையை ஆட்கள்மீது ஏற்றவும் வழி இருந்தது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுச் செல்வது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தமையால், கடனாளி தாமாக வெளியேறுவதும் அரிதாயிற்று.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையையும் வேலையை விட்டுச் செல்வதற்கான குற்றத் தண்டனையையும் ஒழித்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் வழி குறைந்தபட்சக் கூலி நிருணயிக்கப்பட்டது. 1929இல் நடைமுறைக்கு வந்த அவ்வீதப்படி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலி. கூலி உயர்ந்தது, ஆயினும் அதைக் கணக்கிடும் அலகாகப் பேரே நீடித்தது.

முடிவுரை

செக்ரோலை மட்டும் கொண்டு தொழிலாளரின் வருவாயை மதிப்பிடும் ஆய்வு, ஈட்டிய கூலியையே பெற்ற கூலியாகக் கொள்ளும் பிழைக்கு உள்ளாகும். அதனை அரிசிக் கணக்கோடும் கங்காணியின் பற்றுக்கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பேர்கள் மாதந்தோறும் நிறைவாக விழுந்திருந்தும் கங்காணியின் பற்று குறையாதிருப்பின், கழிவுகள் கடனைத் தீர்க்கப் போதவில்லை அல்லது அதே வேகத்தில் புதிய முன்பணம் ஏறியது என்று கொள்ளலாம். எவ்வாறாயினும், தொழிலாளியின் நிலையைச் சொல்வது கழிவு எழுதப்பட்ட ஏடே. பேர் எழுதப்பட்ட ஏடு அன்று.