இதயச் சுழற்சி: அழுத்த மாற்றங்களும் இதய ஒலிகளும்

இதயத்தின் ஒரு துடிப்பு தொடங்கி அடுத்த துடிப்பு தொடங்கும்வரை அதன் அறைகளில் நடக்கும் மின், அழுத்த, கொள்ளளவு மாற்றங்களின் வரிசை இதயச் சுழற்சி எனப்படும். நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் இது 0.8 விநாடி நீடிக்கும். வென்ட்ரிக்கிள் எனப்படும் கீழறைகள் சுருங்கும் சிஸ்டோல் ஏறத்தாழ 0.27 விநாடி. அவை தளர்ந்து நிரம்பும் டயஸ்டோல் மீதி 0.53 விநாடி.

மருத்துவப் படிப்பின் முதலாண்டு உடலியங்கியல் தேர்வில் இதைப் படத்துடன் விளக்கச் சொல்வார்கள். அந்தப் படம் அமெரிக்க உடலியங்கியலாளர் கார்ல் விக்கர்ஸ் பெயரால் அழைக்கப்படுகிறது. பெருந்தமனி, இடது கீழறை, இடது மேலறை ஆகிய மூன்றின் அழுத்தக் கோடுகளும் மேலே இருக்கும். அவற்றின் கீழே கீழறையின் கொள்ளளவு, இ.சி.ஜி., இதய ஒலிகள் ஆகியவை ஒரே கால அச்சில் அடுக்கப்பட்டிருக்கும். மாணவர்கள் பலர் இந்தக் கோடுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. இரண்டு அழுத்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஒரு வால்வு திறக்கிறது அல்லது மூடுகிறது. அப்படி நான்கு வெட்டுமிடங்கள் உண்டு. மற்றவற்றை அவற்றிலிருந்தே வரைந்துவிடலாம்.

நான்கு வெட்டுமிடங்கள்

வால்வுகளுக்குத் தாமாகத் திறந்து மூடும் தசை கிடையாது. இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடுதான் அவற்றை நகர்த்துகிறது. டயஸ்டோலின் முடிவில் இடது கீழறையில் சுமார் 120 மி.லி. இரத்தம் இருக்கிறது, அழுத்தம் 8 மி.மீ. பாதரச அளவில் உள்ளது. இ.சி.ஜி.யில் கியூ.ஆர்.எஸ். அலை தோன்றியதும் கீழறை சுருங்கத் தொடங்குகிறது. அதன் அழுத்தம் மேலறையின் அழுத்தத்தைத் தாண்டும் கணத்தில் ஈரிதழ் வால்வு மூடுகிறது. இது முதல் வெட்டுமிடம். முதல் இதய ஒலி இங்கே பிறக்கிறது.

பெருந்தமனியில் அப்போது 80 மி.மீ. அழுத்தம் இருப்பதால் அதன் வால்வு இன்னும் திறக்கவில்லை. இரு வால்வுகளும் மூடிய நிலையில் கீழறை இறுகுகிறது. உள்ளே உள்ள இரத்தம் 120 மி.லி.யாகவே இருக்க, அழுத்தம் மட்டும் செங்குத்தாக ஏறுகிறது. சுமார் 0.05 விநாடி நீடிக்கும் இந்தக் கட்டம் கொள்ளளவு மாறாச் சுருக்கம். கீழறையின் அழுத்தம் 80-ஐத் தாண்டியதும் பெருந்தமனி வால்வு திறக்கிறது. இது இரண்டாவது வெட்டுமிடம். அழுத்தம் 120 வரை உயர்ந்து பிறகு சரிகிறது, 70 மி.லி. இரத்தம் வெளியேறுகிறது, 50 மி.லி. உள்ளேயே தங்குகிறது.

மூன்றாவது வெட்டுமிடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளியேற்றத்தின் பிற்பகுதியிலேயே கீழறையின் அழுத்தம் பெருந்தமனியின் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே போய்விடுகிறது. ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் இரத்தம் தன் உந்தத்தால் சிறிது நேரம் வெளியே பாய்ந்துகொண்டேயிருக்கும். அந்தப் பாய்ச்சல் நின்று பின்னோக்கித் திரும்பும்போதுதான் பெருந்தமனி வால்வு மூடுகிறது. எனவே படத்தில் மூடும் கணத்தைக் கோடுகள் வெட்டும் இடத்துக்குச் சற்று வலப்புறம் குறிக்க வேண்டும். பெருந்தமனிக் கோட்டில் அங்கே ஒரு சிறு பள்ளம் விழும். இரண்டாம் இதய ஒலியும் அங்கேதான், இ.சி.ஜி.யில் டி அலை முடியும் நேரத்தில்.

அதன்பின் மறுபடியும் இரு வால்வுகளும் மூடியிருக்கின்றன. உள்ளே 50 மி.லி. இரத்தம் மாறாமல் இருக்க அழுத்தம் சரசரவென இறங்குகிறது. இது கொள்ளளவு மாறாத் தளர்ச்சி. மேலறையின் அழுத்தத்துக்குக் கீழே அது இறங்கியதும் ஈரிதழ் வால்வு திறக்கிறது. இந்த நான்காவது வெட்டுமிடத்தில் நலமான இதயத்தில் ஓசை எதுவும் கேட்பதில்லை. காத்திருந்த இரத்தம் முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் கீழறையில் இறங்குகிறது. கடைசியில் மேலறை சுருங்கி மீதியைத் தள்ளுகிறது. கீழறை நிரம்புவதே மேலறைச் சுருக்கத்தால்தான் என்று எழுதுவது தவறு. ஓய்வு நிலையில் பெரும்பகுதி அதற்கு முன்பே தானாக இறங்கிவிடுகிறது. மேலறையின் பங்கு சுமார் 20 சதவீதம்.

வலப்பக்கத்திலும் இதே வரிசைதான். அங்கே கீழறையின் உச்ச அழுத்தம் 25 மி.மீ. மட்டுமே. ஆனால் ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தின் அளவு இரு பக்கமும் சமம்.

ஒரு தேர்வு வினா

இடது கீழறை 60, மேலறை 8, பெருந்தமனி 82 மி.மீ. என்று கொடுத்து, இது எந்தக் கட்டம் என்று கேட்டால் எப்படி விடை காண்பது? கீழறையின் அழுத்தம் மேலறையைவிட அதிகம், ஆகவே ஈரிதழ் வால்வு மூடியிருக்கிறது. பெருந்தமனியைவிடக் குறைவு, ஆகவே அதன் வால்வும் மூடியிருக்கிறது. ஆனால் இரு வால்வுகளும் மூடியிருக்கும் கட்டங்கள் இரண்டு. ஏறும் வழியிலும் கீழறை 60-ஐக் கடக்கிறது, இறங்கும் வழியிலும் கடக்கிறது.

இங்கே பெருந்தமனியின் எண் உதவுகிறது. முந்தைய துடிப்பின் இரத்தம் உடலெங்கும் ஓடி முடிந்தபின், அடுத்த வெளியேற்றத்துக்குச் சற்று முன்புதான் பெருந்தமனி அழுத்தம் 80-க்கு அருகே இறங்கியிருக்கும். வெளியேற்றம் முடிந்த கையோடு அது 100-ஐ ஒட்டி நிற்கும். ஆகவே 82 என்பது கொள்ளளவு மாறாச் சுருக்கத்தைக் காட்டுகிறது. வினாவில் 98 என்று இருந்திருந்தால் விடை தளர்ச்சிக் கட்டம். கொள்ளளவு கொடுக்கப்பட்டிருந்தால் இன்னும் எளிது: 120 மி.லி. என்றால் சுருக்கம், 50 மி.லி. என்றால் தளர்ச்சி.

ஒலிகள் பிறக்கும் விதம்

வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தமே 'லப்', 'டப்' என்று பள்ளியில் படிக்கிறோம். இதழ்கள் மெல்லியவை, இரத்தத்தில் மிதப்பவை. அவை தொட்டுக்கொள்வதால் மட்டும் மார்புக்கு வெளியே கேட்கும் ஓசை எழாது. மூடிய வால்வின் மேல் இரத்தம் திடீரெனத் தடுத்து நிறுத்தப்படுகிறது. அதனால் இறுகிய இதழ்கள், அறைச்சுவர், இரத்தம் மூன்றும் சேர்ந்து அதிர்கின்றன. நாம் கேட்பது அந்த அதிர்வை. முதல் ஒலி தாழ்ந்த சுருதியில் சற்று நீண்டு கேட்கும். இரண்டாவது ஒலி குறுகியது, சுருதி உயர்ந்தது.

முதல் ஒலியின் வலிமை, கீழறை சுருங்கத் தொடங்கும்போது ஈரிதழ் வால்வு எவ்வளவு திறந்திருந்தது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அகலத் திறந்து கிடக்கும் கதவைக் காற்று அறைந்து சாத்தும்போது சத்தம் பெரிது. ஏற்கெனவே பாதி சாய்ந்த கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். இ.சி.ஜி.யில் பி அலைக்கும் கியூ.ஆர்.எஸ்.-க்கும் இடைவெளி குறைவாக இருந்தால், மேலறை தள்ளித் திறந்த இதழ்கள் திரும்பி வருவதற்குள் கீழறை சுருங்கிவிடுகிறது. அதனால் ஒலி உரக்கக் கேட்கும். இடைவெளி நீண்டால் இதழ்கள் நெருங்கி வந்துவிடுகின்றன, ஒலி மங்குகிறது.

இரண்டாம் ஒலியில் பெருந்தமனி வால்வின் கூறும் நுரையீரல் தமனி வால்வின் கூறும் உள்ளன. மூச்சை உள்ளிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து வலப்பக்கத்துக்கு அதிக இரத்தம் வருகிறது. வலது கீழறை அதை வெளியேற்றச் சற்றுக் கூடுதல் நேரம் எடுப்பதால் நுரையீரல் வால்வு பிந்தி மூடுகிறது. இடது மார்பில் இரண்டாம் விலா இடைவெளியில் கேட்டால் ஒலி இரண்டாகப் பிரிவது தெரியும், மூச்சை விட்டதும் ஒன்றுசேரும். மேலறைகளின் இடைச்சுவரில் ஓட்டை உள்ளவர்களுக்கு இந்தப் பிளவு மூச்சோடு மாறாமல் நிலையாக நிற்கும்.

விரைவாக நிரம்பும் கட்டத்தின் இறுதியில் கேட்பது மூன்றாம் ஒலி. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இது இயல்பு, நடுவயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் இதயச் செயலிழப்பை நினைக்க வேண்டும். நான்காம் ஒலி மேலறை சுருங்கும்போது, விறைத்த கீழறைக்குள் இரத்தம் தள்ளப்படுவதால் எழுகிறது.

ஈரிதழ் வால்வு சுருக்க நோய்

வெட்டுமிடங்களைப் புரிந்துகொண்டதன் பயனை முழுமையாகக் காட்டும் நோய் இது. பெரும்பாலும் சிறுவயது கீல்வாதக் காய்ச்சலின் பின்விளைவாக வருவதால் இந்திய மருத்துவமனைகளிலும் மாணவர்கள் இதை நேரில் சந்திக்கிறார்கள். இதழ்களின் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, 4 முதல் 6 சதுர செ.மீ. வரை இருக்க வேண்டிய திறப்பு 1.5 சதுர செ.மீ. அல்லது அதற்கும் கீழே குறுகுகிறது. குறுகிய வழியாக இரத்தத்தைத் தள்ள மேலறையின் அழுத்தம் 25 மி.மீ. வரை உயர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

இப்போது மேலறைக் கோட்டை 8-லிருந்து 25-க்கு உயர்த்தி வரைந்து பார்க்க வேண்டும். டயஸ்டோல் முழுவதும் அது கீழறைக் கோட்டுக்கு மேலே நிற்கிறது, அந்த இடைவெளியில்தான் தாழ்ந்த உறுமல் போன்ற முணுமுணுப்பு கேட்கிறது. உயர்ந்த அழுத்தம் இதழ்களைக் கடைசிவரை திறந்தே வைத்திருக்கிறது. முதல் வெட்டுமிடமும் 25-இல், அதாவது கீழறையின் அழுத்தம் வேகமாக ஏறத் தொடங்கிவிட்ட பிறகு வருகிறது. ஆகவே முதல் ஒலி உரத்துக் கேட்கிறது.

நான்காவது வெட்டுமிடம் இடப்புறம் நகர்கிறது. கீழறையின் அழுத்தம் 8 வரை இறங்கக் காத்திருக்காமல், 25-ஐத் தொட்டதுமே வால்வு திறக்கத் தொடங்குகிறது. ஓரங்கள் ஒட்டிய இதழ்கள் பாதி வழியில் வெடுக்கென நிறுத்தப்படுவதால் திறப்பொலி ஒன்று எழுகிறது. இயல்பில் ஓசையற்ற இடம் இங்கே பேசுகிறது. நோய் முற்ற முற்ற மேலறை அழுத்தம் கூடும், திறப்பொலி இரண்டாம் ஒலியை நெருங்கும். இடைவெளி 0.1 விநாடிக்கு மேல் இருந்தால் நோய் லேசானது, 0.08-க்குக் கீழே போனால் கடுமையானது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த நோயாளிக்கு இதயத் துடிப்பு வேகமெடுப்பது ஆபத்து. வேகம் கூடும்போது சிஸ்டோலைவிட டயஸ்டோலே அதிகம் சுருங்குகிறது. நிமிடத்துக்கு 200 துடிப்பில் சிஸ்டோல் 0.16 விநாடி, டயஸ்டோல் வெறும் 0.14 விநாடி. அவ்வளவு வேகம் கூடத் தேவையில்லை. கர்ப்ப காலத்தில் துடிப்பும் இரத்தவோட்டமும் சேர்ந்து உயர்வதே போதும். குறுகிய வால்வில் பாய்ச்சல் வீதம் இரட்டிப்பானால் அதற்குத் தேவையான அழுத்த வேறுபாடு நான்கு மடங்காகும். அந்தச் சுமை மேலறையிலிருந்து நுரையீரல் நாளங்களுக்குப் போய், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாக வெளிப்படும். அதுவரை எந்தத் தொல்லையும் இல்லாத பெண்ணுக்குக் கர்ப்பத்தின்போதுதான் இந்த நோய் முதன்முதலாகத் தெரியவருவது இதனால்தான்.

மேலறை உதறலும் சேர்ந்துகொண்டால் மேலறையின் ஒருங்கிணைந்த சுருக்கம் இல்லாமல் போகிறது. முதல் ஒலிக்குச் சற்று முன் முணுமுணுப்பு வலுப்பெறுவது அதனால் பெரும்பாலும் மறைந்துவிடும். உரத்த முதல் ஒலியையும் திறப்பொலியையும் மட்டும் நம்பி நோயின் கடுமையை எடைபோடவும் முடியாது. இதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து அவை அசையாமல் விறைத்துவிட்டால், அழுத்தங்கள் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் முதல் ஒலி மங்கும், திறப்பொலி காணாமல் போகும். அந்த நிலையில் வால்வின் திறப்பை எக்கோ பரிசோதனையில் அளந்துதான் சொல்ல முடியும்.