கால் பங்கின் பெருக்கம்: சாய்வு மறைந்த வரலாறு

1991ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஸெப் ஹோக்ரைட்டர் என்னும் மாணவர் தமது பட்டய ஆய்வேட்டை அளித்தார். நெறியாளர் யூர்கன் ஷ்மிட்ஹூபர். ஆய்வேடு ஜெர்மன் மொழியில் இருந்தது. ஆங்கிலத்தில் மட்டுமே வாசித்துப் பழகிய ஆய்வுலகில் அதனை அக்காலத்தில் படித்தவர் சிலரே. பல அடுக்குகள் கொண்ட நரம்பு வலைகள் ஏன் கற்க மறுக்கின்றன என்ற கேள்விக்கு, பள்ளிக் கணிதத்தில் இடம்பெறும் ஒரு விதியைக் கொண்டே அதில் விடை காணப்பட்டிருந்தது. அந்த விதி சங்கிலி விதி.

கேள்வி எழுந்த சூழலை முதலில் அறிய வேண்டும். 1986இல் டேவிட் ரூமல்ஹார்ட், ஜெஃப்ரி ஹிண்டன், ரொனால்ட் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் நேச்சர் இதழில் பின்பரவல் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். வலையின் வெளியீட்டில் நேரும் பிழையைப் பின்னோக்கி அடுக்கடுக்காகக் கொண்டுசென்று, அப்பிழையில் ஒவ்வோர் எடைக்கும் எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டு, அதற்கேற்ப எடையைத் திருத்துவதே அம்முறை. அந்தப் பங்குக்குச் சாய்வு என்று பெயர். முறையின் கணிதக் கரு புதியதன்று; ஸெப்போ லின்னைன்மா 1970இலேயே அதனை ஹெல்சிங்கியில் எழுதிவிட்டார். ஆயினும் நரம்பு வலைகளின் உலகில் அது பரவியது 1986க்குப் பின்னரே.

பிழையைப் பின்னோக்கிக் கொண்டுசெல்ல வேண்டுமானால், ஒவ்வொரு நரம்பணுவின் செயல்பாடும் வகையிடத்தக்கதாக இருக்க வேண்டும். 1943இல் மெக்கல்லக்கும் பிட்ஸும் வகுத்த நரம்பணு ஓர் எல்லையைத் தாண்டினால் 1, இல்லையேல் 0 என்று படிக்கட்டாகத் தாவுவது. படிக்கட்டின் சாய்வு தாவும் இடம் தவிர எங்கும் பூச்சியமே. அதன் வழியே பிழை கடந்து செல்ல முடியாது. ஆகவே படிக்கட்டை வழவழப்பாக்கிய வளைகோடு ஒன்று தேவைப்பட்டது. மக்கள்தொகை வளர்ச்சியை விளக்க பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹூல்ஸ்ட் 1838இல் முன்வைத்த வளைகோடு இதற்குக் கைகொடுத்தது. S எழுத்தைப் போல வளைவதால் அதற்குச் சிக்மாய்டு என்று பெயர்.

σ(z) = 1 / (1 + e^(−z))
σ'(z) = σ(z) · (1 − σ(z))

இரண்டாம் வரியின் எளிமையே சிக்மாய்டு விரும்பப்பட்டதற்கு ஒரு காரணம்: நரம்பணுவின் வெளியீடு தெரிந்தால் அதன் வகைக்கெழுவை ஒரே பெருக்கலில் பெறலாம். ஆனால் இடர் ஒளிந்திருந்ததும் அந்த வரியில்தான். ஓர் எண்ணையும், 1இலிருந்து அதனைக் கழித்த மீதியையும் பெருக்கினால், பெருக்கற்பலன் மிக அதிகமாவது இரண்டும் 0.5ஆக இருக்கும்போது. அப்போதும் கிடைப்பது 0.25 மட்டுமே. z பூச்சியமாக இருக்கும் அந்த ஒரே புள்ளியைத் தவிர வேறெங்கும் வகைக்கெழு கால் பங்கினும் குறைவு.

சங்கிலி விதி சொல்வது இது: ஒன்றன் மாற்றம் இன்னொன்றையும், அதன் மாற்றம் மூன்றாவதையும் பாதிக்குமானால், முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலான மாற்ற வீதம் இடைப்பட்ட வீதங்களின் பெருக்கற்பலன். பெருக்கற்பலன் என்ற சொல்லை இங்கு அழுத்திப் படிக்க வேண்டும். அடுக்குக்கு ஒரு நரம்பணு மட்டுமே கொண்ட வலையை எடுத்துக்கொண்டால், ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கின் வெளியீட்டை w என்ற எடையால் பெருக்கிச் சிக்மாய்டில் இடும். எனவே வெளியீட்டுப் பிழை முதல் அடுக்கைச் சென்றடைய, வழியிலுள்ள ஒவ்வோர் அடுக்கிலும் w · σ'(z) என்ற காரணியால் பெருக்கப்பட வேண்டும். w இன் மதிப்பு 1 என்று கொள்வோம். எல்லா அடுக்குகளும் தத்தம் உச்சமான 0.25ஐத் தந்தாலும், 5 அடுக்குகளைத் தாண்டும்போது பிழை 1024இல் ஒரு பங்காகிறது. 10 அடுக்குகளைத் தாண்டும்போது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமடையில் திறந்த நீர், ஒவ்வொரு மதகிலும் முக்கால் பங்கை இழந்து கடைமடைக்குப் போய்ச் சேருவதைப் போன்றது இது.

கடைமடை இங்கு எது என்பது கவனிக்கத்தக்கது. பின்னோக்கிச் செல்லும் பிழைக்கு, உள்ளீட்டை நேரடியாகக் காணும் முதல் அடுக்குகளே கடைமடை. மூலத் தரவிலிருந்து அடிப்படைக் கூறுகளைப் பிரித்தெடுக்க வேண்டிய அவை, தொடக்கத்தில் இடப்பட்ட தற்செயலான எடைகளுடனேயே நின்றுவிடும். மேலடுக்குகளோ, அந்தத் தற்செயலான கலவையை வைத்துக்கொண்டு இயன்றதைக் கற்கும். ஆகவே மொத்தப் பிழை தொடக்கத்தில் சற்றுக் குறையும். பின்பு ஓரிடத்தில் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வலை ஏதோ ஒரு பள்ளத்தில் சிக்கிக்கொண்டதாகத் தோன்றும். அக்காலத்தில் பலர் அப்படித்தான் எண்ணினர். நோயைச் சரியாக அறிய, மொத்தப் பிழையைப் பார்த்தால் போதாது; ஒவ்வோர் அடுக்கின் சாய்வு அளவையும் தனித்தனியே எழுதிப் பார்க்க வேண்டும். பின்னோக்கிச் செல்லச் செல்ல அது ஒரே விகிதத்தில் சுருங்கினால் காரணம் விளங்கிவிடும்.

வகைக்கெழு கால் பங்கு என்றால் எடையை நான்காக்கிவிட்டால் என்ன என்று உடனே கேட்கத் தோன்றும். 4 × 0.25 = 1 அல்லவா? கணக்கிட்டுப் பார்ப்பதே நல்லது. முதல் அடுக்குக்கு வரும் உள்ளீடு 0.5, எடை 4 என்றால் z = 2. அங்கு சிக்மாய்டின் வகைக்கெழு 0.105, எடையால் பெருக்கினால் 0.42. வெளியீடு 0.881, அது அடுத்த அடுக்கில் z ஐ 3.52க்கு உயர்த்துகிறது. அங்கு வகைக்கெழு 0.0278, காரணி 0.111. மூன்றாம் அடுக்கில் காரணி 0.079. மூன்றையும் பெருக்கினால் 0.0037. இதே கணக்கை எடை 1 என்று வைத்துச் செய்தால் மூன்று காரணிகளும் 0.235, 0.227, 0.225 என அமைகின்றன, பெருக்கற்பலன் 0.012. எடையைக் கூட்டியதால் சாய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சென்றுவிட்டது. எடை பெருகும்போது z பூச்சியத்தை விட்டு விலகுகிறது; விலகினால் வளைகோடு தட்டையாகி வகைக்கெழு சரிகிறது. இடப்பக்கத்தில் கொடுத்ததை வலப்பக்கத்தில் பறிக்கும் அமைப்பு இது.

z ஐப் பூச்சியத்திலேயே பிடித்து நிறுத்தும் வகையில் ஒரு மாறிலியைச் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், சேர்க்கலாம். எடை 8, மாறிலி −4, உள்ளீடு 0.5 எனில் z பூச்சியம், காரணி 2. ஆனால் இப்போது பத்து அடுக்குகளில் சாய்வு 1024 மடங்காகப் பெருத்துவிடும். மறைவின் மறுபக்கம் வெடிப்பு. காரணி சரியாக 1 ஆக நிற்பது கத்தி முனையில் நிற்பதற்கு ஒப்பாகும். பயிற்சியில் எடைகள் சிறிது நகர்ந்ததும் நிலை குலையும்.

ஹோக்ரைட்டர் இதனைச் சாதாரண வலைகளைக் காட்டிலும் சுழல் வலைகளில் கூர்ந்து நோக்கினார். சுழல் வலை ஒரு சொல்லுக்குப் பின் ஒரு சொல்லாக வாங்கிக்கொண்டு, தன் முந்தைய நிலையைத் தனக்கே திரும்ப ஊட்டுவது. அதனைக் காலத்தின் வழியே விரித்தால் ஒவ்வொரு சொல்லும் ஓர் அடுக்கு. வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் எழுவாயின் பாலும் எண்ணும் இறுதியில் வரும் பயனிலையின் விகுதியைத் தீர்மானிக்கும் தமிழ் போன்ற மொழியில் இது வெறும் கணிதச் சிக்கல் அன்று. ‘அவள்’ என்பதற்கும் ‘வந்தாள்’ என்பதற்கும் இடையே இருபது சொற்கள் நின்றால், பிழை இருபது முறை பெருக்கப்பட்டே ‘அவள்’ஐச் சென்றடையும். எடை 1 எனில், கால் பங்கை இருபது முறை பெருக்கக் கிடைப்பது ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவு. அருகிலுள்ள சொற்களின் தாக்கம் அதனை முற்றிலும் மூழ்கடித்துவிடும். ஆகவே வலை அண்மைத் தொடர்புகளைக் கற்கும். சேய்மைத் தொடர்புகளைக் கற்காது.

இதனைக் கணினியின் துல்லியக் குறைபாடு என்று சிலர் சுருக்கிவிடுவதுண்டு. அது பிழையான விளக்கம். எண்ணற்ற இலக்கங்களைத் தாங்கும் கணினி கிடைத்தாலும், பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேகத்தில் திருத்தப்படும் எடை, பயிற்சி முடியும்வரை நகர்ந்ததாகவே தெரியாது. எல்லா அடுக்குகளுக்கும் ஒரே கற்றல் வீதம் என்பதால், கடைமடைக்கு ஏற்ப அதனை உயர்த்தினால் தலைமடை உடைந்துவிடும்.

1994இல் பெஞ்ஜியோ, சிமார், ஃப்ராஸ்கோனி மூவரும் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்து ஆங்கிலத்தில் வெளியிட்டனர். அவர்கள் சொன்னது இன்னும் கசப்பானது: சிறு இடையூறுகளால் கலையாதபடி ஒரு செய்தியை நினைவில் வைத்திருக்கும் நிலையில்தான் சுழல் வலையின் சாய்வு கட்டாயமாக மறைகிறது. நினைவின் உறுதியும் கற்கும் திறனும் அங்கு ஒன்றுக்கொன்று பகை.

தீர்வுகள் யாவும் அந்தப் பெருக்கலையே குறிவைத்தன. 1997இல் ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் வடிவமைத்த நீள்குறு நினைவு வலையில், நினைவுக் கலம் தன்னைத் தானே 1.0 என்ற எடையால், சிக்மாய்டு எதுவும் குறுக்கிடாமல் தொடர்கிறது. ஒன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றே. சிக்மாய்டு அவ்வலையிலிருந்து விரட்டப்படவில்லை என்பதும் சுவையானது. 0க்கும் 1க்கும் இடையே திறந்து மூடும் வாயில்களாக அது அங்கு நல்ல வேலை செய்கிறது. நீண்ட சங்கிலியின் கண்ணியாக இருப்பதுதான் அதற்குப் பொருந்தாத வேலை.

அடுக்கு வலைகளில் தெளிவு பிறக்க மேலும் காலம் சென்றது. 2006இல் ஹிண்டனும் உடனாளர்களும் அடுக்கடுக்காக முன்பயிற்சி அளித்து இடரைச் சுற்றிக் கடந்தனர். 2010இல் க்ளோரோவும் பெஞ்ஜியோவும் அடுக்குகளின் வெளியீடுகளைப் பயிற்சியின்போதே பதிவுசெய்து பார்த்தனர். சிக்மாய்டு வலையின் கடைசி மறை அடுக்கு தொடக்கத்திலேயே பூச்சியத்தின் அருகே சென்று தெவிட்டி நின்றது. ஐந்து மறை அடுக்குகள் கொண்ட வலை பயிற்சி முடியும்வரை அந்நிலையிலிருந்து மீளவே இல்லை. தெவிட்டிய அடுக்கில் வகைக்கெழு கால் பங்குகூட இல்லை. ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதன் வழியே கீழடுக்குகளுக்கு எதுவும் இறங்கவில்லை.

அதன்பின் நேர்மறை உள்ளீட்டை அப்படியே கடத்தி, எதிர்மறையைப் பூச்சியமாக்கும் ரெலு பரவலாயிற்று. அதன் வகைக்கெழு 1 அல்லது 0. திறந்திருக்கும் பாதைகளில் அது சாய்வைச் சுருக்குவதில்லை; ஆனால் எந்நேரமும் 0 பக்கத்தில் விழுந்துவிட்ட நரம்பணு பின் எழுவது அரிது. 2015இல் வந்த எச்ச வலைகள் சில அடுக்குகள் கொண்ட ஒவ்வொரு தொகுதியின் உள்ளீட்டையும் அதன் வெளியீட்டோடு கூட்டின. எனவே சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் 1 + F' என்றாயிற்று. F' எவ்வளவு சிறுத்தாலும் அந்த 1 எஞ்சி நிற்கும். 152 அடுக்குகள் கொண்ட வலை அவ்வாறே பயிற்றுவிக்கப்பட்டது.