வில்லுப்பாட்டில் நான் விட்டுவிட்ட இடம்



கடலூரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் நேற்று போனில் கேட்டான்: "ஐயா, ஆண்டு விழாவுக்கு நமக்கு வில்லுப்பாட்டு சொல்லிக் கொடுத்தீங்களே, அதை இப்ப என் பசங்களுக்கும் சொல்லித் தருவீங்களா?"

தரலாம். ஆனால் அன்று நான் சொல்லிக் கொடுத்தது பாதிதான். மூங்கிலை வளைத்து மணி கட்டினோம். ஒருவன் கதை சொன்னான், மற்றவர்கள் "ஆமா" போட்டார்கள். கலைவாணர் என்.எஸ்.கே.யும் அவரிடம் இருந்த சுப்பு ஆறுமுகமும் மேடைக்குக் கொண்டுவந்த வடிவம் அது. வில்லுப்பாட்டு என்றால் அவ்வளவுதான் என்றே நானும் நினைத்திருந்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயில் கொடைக்குப் போனேன். அங்கே வில் கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளம். தரையில் கிடத்திய வில்லின் நாணைப் புலவர் வீசுகோலால் அடிக்க, மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கின. பக்கத்தில் உடுக்கை, தாளம். வில்லோடு சேர்த்துக் கட்டிய குடத்தின் வாயில் ஒருவர் மட்டையால் அடிக்க, வயிற்றில் இறங்குவது போல ஓர் ஓசை.

காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லித்தான் கதைக்குள் போனார்கள். கதை முத்துப்பட்டன் கதை. பிராமணனாகப் பிறந்தவன், வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். சாதியை விட்டு, மாமனாரின் மாட்டுக் கிடைக்குக் காவல் நிற்கிறான். மாடு திருட வந்தவர்களோடு மோதி உயிர் விடுகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து ஐயனார் கோயிலில் இன்றும் அவனுக்குப் பூசை உண்டு.

சண்டை வரைக்கும் பேச்சும் பாட்டும் மாறி மாறி, நிதானமாகத்தான் போயிற்று. சாவு நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. உடுக்கை ஓட ஆரம்பித்தது, குடம் துரத்தியது. கதையே நின்று போய்த் தாளம் மட்டும் மிச்சம். அந்த நேரத்தில்தான் சாமியாடி எழுந்தார். புலவர் இப்போது கூட்டத்தைப் பார்க்கவில்லை, சாமியாடியைப் பார்த்தே வேகத்தைக் கூட்டினார். அருள் சரியாக இறங்கவில்லை என்றால் அதே கட்டத்தைத் திரும்பப் பாடுவார்களாம். படைப்பு முடிந்த பிறகுதான் கதை தொடர்ந்து, வாழியில் முடிந்தது.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988இல் எழுதிய வில்லுப்பாட்டு நூலில் இதைத்தான் விளக்குகிறார்: கொல்லப்பட்டவன் தெய்வமாகும் கதையில், சாவைப் பாடும் இடமே கொடையின் நடுப்புள்ளி.

நம் கடலூர், சிதம்பரம் பக்கத்துக்கு வில் பழக்கமில்லை. ஆனால் திரௌபதி அம்மன் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பதினெட்டாம் போர் முடிந்து, மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடக்க, பாஞ்சாலி கூந்தல் முடிந்த பிறகுதான் தீமிதி. அங்கேயும் கதை அந்தச் சாவுக்கு வந்து சேராமல் சடங்கு நடக்காது.

ஆண்டு விழாவில் நான் என்ன செய்தேன் தெரியுமா? "பிள்ளைகள் பயந்துடுவாங்க, நேரமும் இல்லை" என்று அந்தச் சாவுக் கட்டத்தைத்தான் வெட்டினேன். குடம் அடித்த பையன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தம்பி, இதைப் படித்தால் போன் பண்ணு. உன் பக்கம்தான் நியாயம்.