சந்திரகிரியிலிருந்து இருநூறு மைல்

சித்தூருக்குக் கடல் கிடையாது. திருப்பதி மாவட்டத்துக்கு உண்டு. 2022 ஏப்ரலில் புது மாவட்டம் அமைந்தபோது நெல்லூரிலிருந்து கூடூர், சூளூர்பேட்டைப் பகுதிகள் வந்து சேர்ந்தன. ஸ்ரீஹரிகோட்டாவும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் அவற்றோடு வந்தன. ஆனால் கடல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் இந்த மண்ணுக்கு நானூறு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடல் தங்களுடையது என்று போர்ச்சுகீசியர் சொல்லிக்கொண்டார்கள். அவர்களிடம் சீட்டு வாங்காமல் போகும் கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். இதை எதிர்த்து டச்சுக் கம்பெனிக்காக வாதாடிய ஹியூகோ குரோஷியஸ், கடல் எவருக்கும் உடைமையாகாது என்று 1609இல் நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட வேங்கடபதி ராயர் அவர்களுக்கு வணிக உரிமை கொடுத்தார். 1612இல் போர்ச்சுகீசியர் டச்சுக்காரர்களின் பண்டகசாலையைத் தாக்கினார்கள். மறு ஆண்டு அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. கடலைப் பொதுவென்று வாதாடியவர்களும் கரையில் பீரங்கி வைத்துத்தான் நிலைத்தார்கள்.

அந்தப் பீரங்கிதான் பிறகு அளவுகோலும் ஆயிற்று. கரையிலிருக்கும் ஆயுதம் எட்டும் தொலைவு வரை கரைக்காரனின் ஆட்சி என்று பைங்கர்ஷோக் என்ற மற்றொரு டச்சுச் சட்ட அறிஞர் 1702இல் எழுதினார். அது மூன்று கடல் மைல் என்று வழக்கில் உறைந்தது. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். சுதந்திர இந்தியா முதலில் ஏற்றதும் இந்த மூன்று மைலைத்தான். 1956இல் அது ஆறாகவும் 1967இல் பன்னிரண்டாகவும் வளர்ந்தது.

இருநூறு மைல் என்ற எல்லை வந்த வழி வேறு. 1945இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன், தன் நாட்டுக் கரையை ஒட்டிய கடலடித் திட்டின் எண்ணெயும் கனிமமும் தங்களுக்கே என்று அறிவித்தார். சிலியின் கரையிலோ கடலடி சட்டென்று ஆழத்தில் இறங்கிவிடும். அகன்ற திட்டு அங்கே இல்லை. அந்நாட்டுத் திமிங்கில வேட்டை நிறுவனத்துக்கு வேறொரு முன்னுதாரணம் தேவைப்பட்டது. போர்க்கால நடுநிலை மண்டலத்தைக் காட்டும் 1939ஆம் ஆண்டு வரைபடம் ஒன்று அகப்பட்டது. அளந்து பார்த்தால் சிலிக்கு எதிரே அதன் அகலம் ஏறக்குறைய 200 மைல். 1947இல் சிலி அந்த எண்ணை அறிவித்தது, பெரு பின்தொடர்ந்தது. இன்று உலகம் முழுக்கச் செல்லும் எல்லைக்கு இதைவிட ஆழமான கணக்கு எதுவும் அடிப்படையில் இல்லை.

பின்னர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அதன் பொருளை மாற்றின. இருநூறு மைல் வரை ஆட்சி வேண்டாம், செல்வத்தின் மீது உரிமை போதும் என்று 1970களின் தொடக்கத்தில் கென்யா முன்வைத்தது. தொலைதூரக் கப்பல்கள் வந்து தங்கள் கரைக்கு எதிரே மீனை அள்ளிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாடுகளுக்கு அது நியாயமாகப் பட்டது. ஐ.நா. கடல் சட்ட மாநாட்டை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்தியவர் இலங்கையின் ஷெர்லி அமரசிங்க. உடன்படிக்கை 1982இல் கையெழுத்தானது. இந்தியா அதற்கு முன்பே, 1976இல் சட்டம் இயற்றி, 1977 ஜனவரி 15 முதல் இருநூறு மைல் பொருளாதார மண்டலத்தை நடைமுறைப்படுத்திவிட்டது.

ஆட்சிக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் துலங்கும். பழவேற்காடு ஏரி கரைக்கோட்டுக்கு உள்ளே இருப்பதால் நிலத்தைப் போலவே நாட்டுக்குள் அடக்கம். கரையிலிருந்து 12 மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை, பிராந்தியக் கடல். அங்கே வெளிநாட்டுக் கப்பலுக்கு அமைதியாகக் கடந்துபோகும் உரிமை உண்டு என்றாலும், பாதுகாப்புக் காரணத்தை முன்கூட்டியே அறிவித்து, குறித்த பகுதியில் சிறிது காலம் அரசு அதை நிறுத்திவைக்கலாம். அதற்கப்பால், ராக்கெட்டின் எரிந்து முடிந்த பகுதிகள் விழக்கூடிய ஆழ்கடலில், அப்படி நிறுத்த இந்தியாவுக்கு அதிகாரம் இல்லை. இந்த நேரத்தில் இந்த இடத்தில் ஆபத்து என்று கடலோடிகளுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுக்கலாம். அதே கப்பல் இருநூறு மைலுக்குள் வலை வீசினாலோ, கடலடியைத் துளைத்தாலோ மறித்துப் பிடிக்கலாம்.

எதிரே அந்தமான் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால் இந்தக் கரைக்கு முழு 200 மைலும் கிடைத்துவிட்டது. பாக் நீரிணையில் அப்படியில்லை. அக்கரை அவ்வளவு நெருக்கம். அதனால் 1974இல் இலங்கையோடு கோடு போட வேண்டியிருந்தது.

உள்நாட்டுப் பங்கீடும் இதே பன்னிரண்டில்தான் முறிகிறது. அரசியல் சாசனப்படி பிராந்தியக் கடலுக்குள் மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு வெளியே மத்திய அரசுடையது. சென்னையிலிருந்து வடக்கே வரும் விசைப்படகு நெல்லூர், திருப்பதிக் கரைகளில் 12 மைலுக்குள் நுழைந்தால் ஆந்திரச் சட்டத்தின் கீழ் வந்துவிடுகிறது. பழவேற்காடு ஏரியின் இரு முனைகளிலும் ஒரே மீனுக்குப் போகிறவர்களுக்கு எந்த வலை, எந்த இடம் என்பதை இரண்டு மாநிலச் சட்டங்கள் தனித்தனியாகச் சொல்கின்றன.