சம்பளச் சான்றிதழ்

சம்பளச் சான்றிதழ் என்பது ஒருவர் தன்னிடம் என்ன வேலையில், எந்த நாளிலிருந்து, எவ்வளவு சம்பளத்துக்கு இருக்கிறார் என்று முதலாளி எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் கடிதம். வங்கிக் கடனுக்கும் விசாவுக்கும்தான் பெரும்பாலும் கேட்கப்படுகிறது. தாசில்தார் அலுவலகத்திலிருந்து இ-சேவை மையம் வழியாக வரும் வருமானச் சான்றிதழ் வேறு. அது குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை அரசு சொல்வது; இது ஒரே ஆளின் சம்பளத்தை முதலாளி சொல்வது. கல்விக் கடனில் இரண்டுமே தேவைப்படலாம். கடனை அடைக்கும் வசதி உண்டா என்று பார்க்கப் பெற்றோரின் சம்பளச் சான்றிதழ் போதும். ஆனால் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு அரசு அதிகாரி தந்த வருமானச் சான்றிதழ்தான் செல்லும்.

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை போன்ற ஊர்களில் இந்தக் கடிதம் கேட்கப்படுபவர்கள் இரு வகை. ஒரு சாரார் போடியில் உள்ள ஏலக்காய்க் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் பள்ளிகளிலும் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள். மறு சாரார் விடிவதற்குள் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் நாள் கூலிக்காரர்கள். முதல் சாராரின் சான்றிதழில் பிழை வருவது எந்தத் தொகையை எழுதுவது என்பதில். இரண்டாம் சாராருக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது என்பதுதான் சிக்கல்.

எந்தத் தொகை

ஒரே ஆளின் சம்பளத்துக்கு நான்கு தொகைகள் உண்டு. நான்கும் உண்மை, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் சான்றிதழ் பொய்யாகிவிடும். போடியில் ஓர் ஏலக்காய் நிறுவனத்தில் கணக்கெழுதும் சிலமலைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆளும் தொகைகளும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 15,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி 4,500, பயணப்படி 2,500. ஆக மொத்தச் சம்பளம் 22,000. இதில் 15,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு பி.எஃப்., அதாவது 1,800 பிடித்தம். இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 20,200. வீட்டு விசேஷத்துக்கு நிறுவனத்திடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதற்கு மாதம் 2,000 பிடிக்கிறார்கள். கையில் வருவது 18,200.

நான்காவது தொகை நிறுவனம் அவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு. நகரத்து நிறுவனங்கள் சிடிசி என்று சொல்வது இதைத்தான். முதலாளி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., அதன் நிர்வாகக் கட்டணம், காப்பீட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,950 ரூபாய் கூடினால் 23,950. ஆண்டுக்கு 2,87,400. வேலையில் சேரும்போது தந்த கடிதத்தில் இந்தத் தொகை இருக்கும். அதைப் பார்த்து ‘ஆண்டுச் சம்பளம் 2,87,400’ என்று சான்றிதழிலும் எழுதிவிடுகிறார்கள். வங்கி அதை 12-ஆல் வகுக்கிறது, 23,950 வருகிறது. பாஸ்புக்கைத் திருப்பினால் 18,200 இருக்கிறது. மாதம் 5,750 ரூபாய் எங்கே போனது என்ற கேள்வி அங்கேயே எழுகிறது. யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் கோப்பு நின்றுவிடும். இந்தத் தொகைக்குச் சம்பளச் சான்றிதழில் வேலையே இல்லை. கேட்டால்தான் எழுத வேண்டும். அப்போதும் சம்பளம் என்ற பெயரில் எழுதக் கூடாது.

தமிழ்நாட்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. இங்கே தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ கட்டப்படுகிறது. எனவே பல நிறுவனங்கள் அதை மாதாமாதம் பிடிக்காமல் மொத்தமாக ஒரே மாதத்தில் பிடித்துவிடும். அரசியலமைப்பின்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்க முடியாது. அரையாண்டுக்கு அதிகம் போனால் 1,250. நம் கணக்காளருக்கு அது செப்டம்பரில் பிடிக்கப்பட்டால் அந்த மாதம் கணக்கில் ஏறுவது 16,950. அக்டோபரில் கடன் கேட்டுப் போகிறவரின் பாஸ்புக்கில் ஜூலை 18,200, ஆகஸ்ட் 18,200, செப்டம்பர் 16,950 என்று இருக்கும். சான்றிதழில் ‘நிகரச் சம்பளம் 20,200’ என்று மட்டும் இருந்தால் மூன்று மாதத்தில் ஒன்றுகூடப் பொருந்தாது.

ஆகவே எந்த மாதத்துச் சம்பளம் என்று பெயர் சொல்லி, அந்த மாதத்துப் பிடித்தங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, வழக்கமல்லாத பிடித்தம் எப்போது முடியும் என்பதையும் எழுதுவதே சரி. முன்பணப் பிடித்தத்தை மறைப்பதால் ஊழியருக்கு நன்மை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. பல வங்கிகள் கையில் வரும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிக்குள் எல்லாக் கடன் தவணைகளும் அடங்க வேண்டும் என்று கணக்குப் போடுகின்றன. இந்த விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். 18,200-க்குப் பாதி 9,100. முன்பணம் டிசம்பரோடு முடிகிறது என்று சான்றிதழில் இருந்தால் 20,200-ஐ வைத்து 10,100 என்று பார்க்க மேலாளருக்கு ஆதாரம் கிடைக்கிறது. எழுதாமல் விட்டால் பாஸ்புக்கில் உள்ள சிறிய தொகைதான் கணக்கு.

போனஸைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதச் சம்பளத்தில் சேர்ப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. தீபாவளிக்கு ஒருமுறை வருவது ஒருமுறை வருவதுதான். எந்த ஆண்டு, எவ்வளவு என்று தனி வரியில் போட்டால் போதும்.

வங்கிக்கான வாசகம்

மேலே சொன்னவருக்கு ஒழுங்காக எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

“இவர் எங்கள் நிறுவனத்தில் 03-06-2019 முதல் கணக்காளராக நிரந்தரப் பணியில் இருந்துவருகிறார். 2025 செப்டம்பர் மாதத்துக்கு இவருடைய மொத்தச் சம்பளம் ரூ. 22,000. இதில் பி.எஃப். ரூ. 1,800, அரையாண்டுத் தொழில் வரி ரூ. 1,250, முன்பணத் தவணை ரூ. 2,000 பிடித்தம் போக ரூ. 16,950 இவருடைய வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. தொழில் வரி ஆண்டுக்கு இருமுறை மட்டும் பிடிக்கப்படும். முன்பணம் டிசம்பர் 2025 தவணையுடன் தீரும். வீட்டுக் கடன் விண்ணப்பத்துடன் இணைப்பதற்காக, இவர் கேட்டுக்கொண்டபடி இச்சான்று வழங்கப்படுகிறது. கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு நிறுவனம் பொறுப்பாகாது.”

கடைசி வாக்கியத்தைப் பார்த்து ஊழியர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் அது வங்கியை விரட்டும் வாக்கியமல்ல. தவணையைச் சம்பளத்திலேயே பிடித்து அனுப்புகிறோம் என்று முதலாளி ஏற்பது தனிக் கடிதம்; வங்கிக்கு அது வேண்டுமென்றால் தன் படிவத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், சம்பளத்தைச் சொல்ல வந்த கடிதம் ஜாமீன் கடிதமாகப் படிக்கப்படும்.

கடிதத்தை ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று பொதுவாக எழுதாமல் கிளை மேலாளருக்கு எழுதுவதும், நோக்கத்தைக் குறிப்பதும், வரிசை எண் போடுவதும் முதலாளிக்குப் பாதுகாப்பு. ஒரே சான்றிதழை வைத்து மூன்று இடத்தில் கடன் வாங்குவது நடக்கிற காரியம்தான்.

விசாவுக்கு மாறுபவை

விசா அதிகாரி கேட்கும் கேள்வி வேறு: இவர் திரும்பி வருவாரா, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? எனவே பிடித்தங்களின் விவரங்களைவிட வேலையும் விடுப்பும் முன்னுக்கு வர வேண்டும். பதவி, சேர்ந்த தேதி, மாதச் சம்பளம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு, அது சம்பளத்துடன் கூடியதா, விடுப்பு முடிந்து எந்த நாளில் பணிக்குத் திரும்ப வேண்டும், பயணச் செலவு யாருடையது என்பவையே அதன் சாரம். ‘இவர் கட்டாயம் திரும்பி வருவார் என உறுதியளிக்கிறோம்’ என்று சில நிறுவனங்கள் எழுதுகின்றன. வேறொருவர் செய்யப்போவதற்கு நிறுவனம் எப்படி உறுதி தர முடியும்? ‘விடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது, இன்ன தேதியில் இதே பணியில் சேர வேண்டும்’ என்பது முதலாளிக்குத் தெரிந்த செய்தி. அதோடு நிற்கலாம். தொகையை ரூபாயிலேயே எழுத வேண்டும். யூரோவாகவோ பவுண்டாகவோ மாற்றிப் போட்டால் பாஸ்புக்கோடு ஒப்பிட முடியாது.

நம்மூர்க்காரர்களை அதிகம் தடுக்கிவிழச் செய்வது இனிஷியல். சம்பளப் பதிவேட்டில் ‘மு. செல்வம்’ என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து ‘செல்வம் முத்தையா’ என்று நிற்கும். பார்ப்பவருக்கு இருவர் போலத் தோன்றும். விசாவுக்கான சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதி, எங்கள் பதிவேட்டில் இவர் மு. செல்வம் என்று பதிவாகியிருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது.

தோட்டக் கூலிக்கு

ஏலத்தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறவருக்குச் சான்றிதழ் எழுதும்போது கணக்குப்பிள்ளைகள் எளிய வழி ஒன்றைப் பிடிக்கிறார்கள்: நாள் கூலியை 26-ஆல் பெருக்குவது. கூலி 500 என்று வைத்தால் மாதம் 13,000. ஆனால் காய் பறிக்கும் மாதங்களில் கிடைக்கும் வேலை கோடையில் கிடைக்காது. அடைமழை நாட்களில் ஜீப்பே கிளம்பாது. செக்ரோலில் பன்னிரண்டு மாதத்துக்கு 212 நாள்தான் பதிவாகியிருந்தால் ஆண்டுக் கூலி 1,06,000. மாதச் சராசரி 8,833. பெருக்கி எழுதியதற்கும் இதற்கும் உள்ள இடைவெளி 4,000 ரூபாய்க்கு மேல். அந்த 13,000-ஐ நம்பிப் போட்ட தவணை கோடையில் கட்ட முடியாமல் நிற்கும்.

சரியான வாசகத்தில் மூன்று செய்திகள் போதும்: நாள் கூலி எவ்வளவு, கடந்த பன்னிரண்டு மாதத்தில் செக்ரோல்படி எத்தனை நாள் வேலை, அதற்குக் கொடுத்த மொத்தக் கூலி. மாதச் சராசரியை வங்கியே போட்டுக்கொள்ளும். கூலி ரொக்கமாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். இல்லையென்றால் பாஸ்புக்கில் வரவே இல்லாததைப் பார்த்துச் சான்றிதழையே போலி என்று நினைப்பார்கள். ஒருவர் பருவத்துக்கு இரண்டு மூன்று தோட்டங்களில் மாறி வேலை செய்திருந்தால் ஒவ்வொரு தோட்டமும் தன்னிடம் செய்த நாட்களை மட்டுமே எழுத முடியும். ஒரே முதலாளி முழு ஆண்டுக்கும் சேர்த்து எழுதித் தருவது உதவி போலத் தெரியும். ஆனால் வங்கியிலிருந்து ஆள் வந்து செக்ரோலைக் கேட்டால் காட்ட அவரிடம் ஒன்றும் இருக்காது.

சரிபார்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. லெட்டர்பேடில் உள்ள தொலைபேசிக்குக் கூப்பிடுவார்கள், பி.எஃப். பாஸ்புக்கைக் கேட்பார்கள், வருமான வரி பிடித்திருந்தால் படிவம் 16-ஐ ஒப்பிடுவார்கள். மாதம் 40,000 சம்பளம், வரியும் பி.எஃப்.பும் பிடிக்கப்படுகின்றன என்று எழுதியிருக்க, பி.எஃப். கணக்கில் மாதம் 600 மட்டும் ஏறியிருந்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும். 600 என்பது 5,000 ரூபாய்ச் சம்பளத்துக்கான 12 விழுக்காடு. கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் கையெழுத்துக்குக் கீழே தெளிவாக இல்லாத கடிதத்தை இந்தக் கட்டத்துக்கே வங்கி கொண்டுபோகாது. முத்திரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடும்.