அலகு மூலச் சோதனை (மாதாந்திர நெல் விலையில்)

ஒரு விலைக்கு நேர்ந்த அதிர்ச்சி நாளடைவில் மறைந்து, விலை தன் பழைய பாதைக்கே திரும்புமா, அல்லது அதன் சுவடு என்றென்றும் தங்கிவிடுமா என்பதைப் பரீட்சிக்கும் புள்ளியியல் முறையே அலகு மூலச் சோதனையாகும். அவ்வாறு சுவடு தங்கிவிடும், சம்பந்தமற்ற இரு காலத்தொடர்கள் பொய்யான உறவு காட்டக் கூடும் என்று யூல் 1926-லேயே எச்சரித்திருந்தபோதிலும், இதற்குரிய சோதனையை டிக்கியும் ஃபுல்லரும் 1979-இல்தான் பிரசுரித்தனர். முந்தைய மாதங்களின் விலை மாற்றங்களைத் தாமத உறுப்புகளாகச் சமன்பாட்டில் சேர்த்தால் சிக்கலான தொடர்களுக்கும் அது பொருந்தும் என்பதை சயீதும் டிக்கியும் 1984-இல் நிறுவினர்.

எத்தனை மாதங்களைச் சேர்ப்பது என்பதே நடைமுறையில் எழும் முதற் பிரச்சினை. தஞ்சை ஒழுங்குமுறை விற்பனைக்கூடமொன்றின் இருபது ஆண்டு விலைகள், அதாவது 240 மாதங்கள், கையில் இருப்பதாகக் கொள்வோம். ஷ்வெர்ட் 1989-இல் கையாண்ட விதிப்படி, 240-ஐ நூறால் வகுத்து, அதன் நான்காம் மூலத்தைப் பன்னிரண்டால் பெருக்க 14.9 வருவதால், உச்ச வரம்பு 14 ஆகிறது. அங்கிருந்து தொடங்கி, கடைசித் தாமத உறுப்பின் டி-மதிப்பு, குறியை நீக்கிப் பார்க்க, 1.6-க்குக் குறைந்தால் அதை நீக்கி மறுபடி கணிப்பது இங், பெர்ரோன் ஆகிய இருவரும் 1995-இல் ஆராய்ந்து ஆதரித்த வழி. ஒப்பீடு நியாயமாக இருக்க, எல்லாக் கணிப்புகளுக்கும் அதே 225 மாதங்களையே பயன்படுத்த வேண்டும்.

குறுவை அறுவடையும், சம்பா, தாளடி அறுவடையும் ஆண்டுதோறும் விலையை இறக்குவதால், மாறிலியோடு பதினொரு பருவச் சுட்டு மாறிகளைச் சேர்ப்பது அவசியம். இவற்றால் பெருந்தொடர்களில் அட்டவணையின் எல்லை மதிப்புகள் மாறுவதில்லை. ஆயினும் இப்பயிர்களுக்கு நீர் தரும் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுவது மரபேயன்றி நிச்சயமன்று. 2020-இல் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகே அத்தேதியில் திறந்தார்கள். அறுவடையே நகரும்போது, நாட்காட்டியோடு பிணைந்த மாறிகள் அதனைப் பிடிக்கமாட்டா. ஆதலால் இரண்டு மூன்று தாமதங்களோடு நின்றவர் எஞ்சிய பிழைகளின் பன்னிரண்டாம் மாதத் தன்னொட்டுறவைப் பார்க்கட்டும்; அது ஏறக்குறைய 0.13-ஐ மீறினால், ஐந்து சதவீதம் என்று நம்பிய தவறின் அளவு உண்மையில் வேறாயிருக்கும். அதற்காகத் தேவையின்றித் தாமதங்களைக் குவித்தாலோ, சோதனையின் சக்தியே குன்றிவிடும்.

அடுத்தது காலப்போக்கு உறுப்பு. ஆதரவு விலையோடு நெல் விலையும் நெடுங்காலமாக ஏறிவந்திருப்பதால், மாறிலியும் போக்கும் சேர்ந்த சமன்பாடே பொருத்தமானது. போக்கை விட்டுவிட்டால், ஏறும் பாதையைச் சுற்றி நிலைத்து நிற்கும் விலையும் அலகு மூலமுடையதாகவே தோன்றும். போக்குடைய சமன்பாட்டின் ஐந்து சதவீத எல்லை ஏறத்தாழ −3.43, மாறிலி மட்டும் உள்ளதற்கு −2.87. போக்கோடு கணித்து −3.10 பெற்றவர் அலகு மூலத்தை மறுக்க முடியாது. தவறான அட்டவணையைப் பார்த்தவரோ மறுத்துவிடுவார்.

சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,550 ரூபாயிலிருந்து 2018-19-இல் 1,750 ஆக உயர்ந்தது போன்ற திடீர்த் தாவல், நிலைத்த தொடரையும் அலகு மூலமாகக் காட்டக்கூடும் என்பது பெர்ரோன் 1989-இல் காட்டிய உண்மை. ஆனால் தாவல் நிகழ்ந்த மாதத்தை விலைப் படத்தைப் பார்த்தே பொறுக்கியவருக்குப் பெர்ரோனின் அட்டவணை செல்லாது. ஸிவோட்டும் ஆண்ட்ரூஸும் 1992-இல் வகுத்த, அதனினும் கடுமையான எல்லைகளையே அவர் கொள்ள வேண்டும்.