தலைமுறைக்கு உரியதும் தனியாளுக்கு உரியதும்: புறக்கோள்களின் பாவகப் பலன் குறித்து

அம்பத்தூரில் 1993-இல் பிறந்த ஒருவரின் ஜாதகத்தைப் பார்க்கும் ஜோதிடர், பத்தாம் வீட்டில் யுரேனஸும் நெப்டியூனும் சேர்ந்திருப்பதைக் காட்டி, "தகப்பன் தொழில் கிடையாது, கம்ப்யூட்டர் உத்தியோகம்தான்" என்று சொல்வதாகக் கொள்வோம். சொன்னது பலித்தும் இருக்கலாம். ஆனால் 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அதே பேட்டைக்குள் எழும்பியுள்ள மென்பொருள் வளாகங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் லக்னம் வேறானவர்களுக்கும் இதே பலன் நடந்திருக்கிறது. அப்படியானால் பத்தாம் வீடு தனியாக என்ன சொன்னது? ஜோதிடம் மெய்யா பொய்யா என்பது இக்கட்டுரையின் வழக்கன்று. பலன் சொல்லும் முறைக்குள்ளேயே இருக்கும் ஒரு தர்க்கப் பிழையைத்தான் பேசுகிறேன்.

நவக்கிரக மரபில் இக்கோள்களுக்கு இடமில்லை. யுரேனஸ் 1781-இலும் நெப்டியூன் 1846-இலும்தான் கண்டறியப்பட்டன. தமிழ்நாட்டில் கே.எஸ். கிருஷ்ணமூர்த்தியின் (1908–1972) கே.பி. முறை இவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பாவக முனைகளுக்குப் பிளாசிடஸ் கணிதத்தையும் அதுவே இங்கு பரவலாக்கியது.

யுரேனஸ் ஒரு ராசியில் ஏறக்குறைய 7 ஆண்டுகள் தங்கும், நெப்டியூன் 14 ஆண்டுகள். இரண்டும் கூடுவது சுமார் 171 ஆண்டுகளுக்கு ஒருமுறை. கடைசிக் கூடல் 1993-இல் பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களில் மும்முறை நிகழ்ந்தது. பிப்ரவரி 2 அன்று லாகிரி அயனாம்சப்படி இவை தனுசில் 26 பாகையை ஒட்டி நின்றன. அன்று உலகில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் இவை நின்ற இடம் அதுதான். அதற்கு முன்னும் பின்னும் பல மாதங்களில் பிறந்தவர்களுக்கும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே ராசியையும் கூடலையும் வைத்துச் சொல்லும் பலன், தாராளமயமாக்கலின் நிழலில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குச் சொல்லும் பலன்.

பாவகம் நேரத்தோடு மாறும். அதே பிப்ரவரி 2-ஐ ஆவடியில் வைத்துக் கணித்துப் பார்ப்போம். விடியற்காலை 5 மணியளவில் பிறந்த குழந்தைக்குக் கூடல் லக்னத்தின் மேலேயே விழுகிறது. 9.45-க்குப் பிறந்தால் மீன லக்னம். ராசிக் கட்டத்திலும் பாவச் சக்கரத்திலும் கூடல் பத்தில். சிக்கல் 10.45-இல்தான் வருகிறது. லக்னம் அப்போதுதான் மேஷத்துக்குள் நுழைந்திருக்கும். ராசிக் கட்டப்படி தனுசு ஒன்பதாம் வீடு, பிளாசிடஸ் கணக்கிலோ பத்தாம் முனை ஏறக்குறையக் கூடலின் மேலேயே நிற்கும். ஐந்து நிமிடம் தள்ளிப் பிறந்தால் முனை கோள்களைத் தாண்டிவிடும். அந்த முறையிலும் அவை ஒன்பதுக்குப் போய்விடும். பிரசவ அறையில் நேரத்தை ஐந்து நிமிடக் கணக்காக முழுதாக்கி எழுதியிருந்தால், பத்தாமிடப் பலன் எழுதியவரின் கடிகாரத்தைப் பொறுத்ததாகிவிடும். எனவே முனைக்கு அருகில் கோள் இருந்தால், நேரத்தைப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தும் வீடு மாறாதபோதுதான் வாய் திறக்க வேண்டும்.

நேரம் சரியாக இருந்தாலும் பாவகம் மட்டுமே ஒருவரைத் தனித்துக் காட்டிவிடாது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அதே கோள் அதே வீட்டில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் இது தினமும் திரும்பும். ஆக, பிறப்போரில் சுமார் பன்னிரண்டில் ஒருவருக்கு அந்த அமைப்பு வந்துவிடும். ஏழரைச் சனியை நினைத்துப் பாருங்கள்: எந்நேரமும் மூன்று ராசிக்காரர்களுக்கு, அதாவது சுமார் கால் பங்கு மக்களுக்கு அது நடந்துகொண்டிருக்கும். ஆனாலும் அதை ஒருவரின் சொந்தத் தலைவிதியாகவே சொல்லிப் பழகிவிட்டோம்.

அப்படியானால் எதைத் தனியாளுக்கு உரியது என்பது? அமைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே என் அளவுகோல். யுரேனஸ்–நெப்டியூன் கூடல் ஆண்டுக்கணக்கில் நெருங்கியே நிற்கும். சூரியன் அதைத் தொடுவது சில நாட்கள். 1993-இல் ஜனவரி இரண்டாம் வாரத்தில் பிறந்தவர்களுக்கு அது உண்டு. சந்திரன் நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை ஓடுவதால் அதன் தொடர்பு சில மணி நேரமே. லக்ன முனையோ பத்தாம் முனையோ ஓரிரு பாகைக்குள் வந்து நிற்பது சில நிமிடங்கள் மட்டும். சந்திரனாவது முனையாவது இப்படிக் கூடலைத் தொட்டிருந்தால்தான் பேச்சு ஆளை நோக்கித் திரும்புகிறது. வீட்டு அதிபதியும் தசையும் அதை ஆதரிக்கின்றனவா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

9.45-க்குப் பிறந்தவருக்குப் பத்தாம் முனை தனுசில் ஏறத்தாழ 12 பாகை; கூடல் அதிலிருந்து 14 பாகை தள்ளி நிற்கிறது. அன்று சந்திரன் ரிஷபத்தின் நடுப்பகுதியை ஒட்டி இருந்ததால் அதுவும் தொடவில்லை. எனவே அவருக்குச் சொல்லக்கூடியது, தலைமுறை மாற்றம் தொழில் என்ற வாசல் வழியாக வந்தது என்ற அளவே. மாற்றமே அவருக்கு மட்டும் வந்தது என்பது மிகை.

பூவிருந்தவல்லியிலோ ஆவடியிலோ பலன் எழுதும் ஜோதிடர்களிடம் ஒரு வேண்டுகோள். புறக்கோள் பலன் ஒன்றை எழுதியதும், அதே ஆண்டில் பிறந்து வேறு லக்னம் கொண்ட நாலைந்து ஜாதகங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் பொருந்துகிற வரியை ஜாதகரின் பெயரில் எழுத வேண்டாம்.